கை தூக்காதவர்கள்

விசில் ஊதினால் முபாஷிருக்குக் கேட்காது என்பது எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு முதல் நாளே தெரிந்துபோயிற்று. ஹில்டா டீச்சர் விசில் ஊதினாள். எல்லாப் பிள்ளைகளும் நின்றார்கள். முபாஷிர் மட்டும் பந்தை உதைத்துக்கொண்டே மைதானத்தின் மறுகோடிவரை போய், கம்பத்துக்குள் அடித்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு திரும்பினான். நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தன் கோலுக்குத்தான் இந்த ஆரவாரம் என்று நினைத்து அவனும் சிரித்தான். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த ஜூன் மாதம்தான் அவனும், அவனோடு படித்த உஸ்மாவும் ராயபுரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதுவரை படித்த சிறப்புப் பள்ளி ஆள் இல்லாமல் மூடப்பட்டதால், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கட்டும் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். வாரத்துக்கு ஒருநாள் சபீஹா என்ற சிறப்பாசிரியை வருவாள். மற்ற நாட்களில் கரும்பலகையும் பக்கத்துப் பிள்ளையின் நோட்டும்தான் அவர்களுக்குத் துணை. உஸ்மா காதில் மெஷின் வைத்திருந்தாள்; சத்தம் கேட்குமே தவிரப் பேச்சு பிடிபடாது. விளையாட வரும்போது அதையும் கழற்றி டப்பாவில் போட்டு ஹில்டாவிடம் கொடுத்துவிடுவாள். வியர்வை பட்டாலோ பந்து பட்டாலோ கெட்டுவிடும்.

ஹில்டா பதினான்கு வருடமாக விளையாட்டு ஆசிரியை. அவளுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் விசில்தான். முதலில் ஒரு சிவப்புத் துணியைக் குச்சியில் கட்டி, விசிலோடு சேர்த்துக் கொடியையும் தூக்கிப் பார்த்தாள். சில நேரம் முபாஷிர் நின்றான், பல நேரம் நிற்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கவனிக்கமாட்டேன் என்கிறானே என்று சபீஹாவிடம் குறைபட்டுக்கொண்டாள்.

சபீஹா ஒரு பீரியட் முழுக்க ஓரமாக நின்று பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மிஸ், கோச்சிக்காதீங்க. நீங்க நடந்துகினே பேசறீங்க. பாதி நேரம் உங்க முதுகுதான் அவங்களுக்குத் தெரியுது. அப்புறம், சாயங்காலம் நீங்க மேற்குப் பக்கமா போய் நிக்கறீங்க. சூரியன் உங்க பின்னால கீது. நான் நின்ன எடத்துலேர்ந்து பார்த்தா உங்க மூஞ்சியே கறுப்பாத் தெரியுது. கொடி சிவப்பா பச்சையான்னே தெரியல."

ஹில்டாவுக்குச் சுருக்கென்றது. அன்று மாலை எல்லோரும் போனபின், பிள்ளைகள் நிற்கிற இடத்தில் தான் போய் நின்று, வாட்ச்மேனை மேற்குச் சுவரோரம் கொடியோடு நிறுத்திப் பார்த்தாள். கண் கூசியது. மனிதர் ஒரு நிழலாகத்தான் தெரிந்தார்.

அதன் பிறகு அவள் இடத்தை மாற்றிக்கொண்டாள். விளையாட்டு வகுப்பு கடைசி பீரியட் என்பதால், கிழக்கே பள்ளிக் கட்டடத்தின் படியருகே நிற்பாள். வெயில் அவள் முகத்தில் அடிக்கும். அது அவள் பாடு, ஒரு தொப்பி வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்தி, முபாஷிரையும் உஸ்மாவையும் எல்லோருடைய முகமும் தெரிகிற மாதிரி ஓரத்தில் நிற்கவைப்பாள். செய்து காட்டும்போது பேசுவதில்லை. பேசவேண்டியதைப் பேசி முடித்துவிட்டு, அவர்கள் பார்வை தன்மேல் வருகிறவரை காத்திருந்து, பிறகு செய்து காட்டுவாள். பேசிக்கொண்டே செய்தால் அவர்கள் எதைப் பார்ப்பது?

கொடியிலும் ஒரு குறை இருந்தது. அவளுக்கு முதுகு காட்டி ஓடுகிறவனுக்குக் கொடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விசில் கேட்டதும் காது கேட்கிற ஒவ்வொரு பிள்ளையும் நின்ற இடத்திலேயே நின்று ஒரு கையைத் தலைக்குமேல் தூக்கவேண்டும். முபாஷிர் எந்தப் பக்கம் பார்த்து ஓடினாலும் எதிரே யாராவது ஒருவர் கை தூக்கியிருப்பார். அவனும் நின்றுவிடுவான், அவனும் கை தூக்குவான்.

அந்த மைதானத்துக்கு ஏற்ற விளையாட்டு கோ-கோதான். மைதானம் என்று பெயரே தவிர, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்துக்கும் பள்ளிக்கும் நடுவே கிடக்கிற துண்டு நிலம். கோ-கோவில் வடக்கும் தெற்குமாக இரண்டு கம்பம். நடுவே வரிசையாக எட்டுக் கட்டங்களில் எட்டுப் பேர், ஒருவர் கிழக்கே பார்த்தால் அடுத்தவர் மேற்கே பார்த்துக் குந்தியிருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிரணியை விரட்டுவான். முடியாவிட்டால் குந்தியிருப்பவரின் முதுகைத் தொட்டு "கோ" என்பான். அவர் எழுந்து விரட்டவேண்டும். முதுகில் படுகிற கைக்குக் காது எதற்கு? உள்ளங்கை நன்றாகப் படும்படி தட்டவேண்டும் என்று மட்டும் ஹில்டா விதி வைத்தாள். முபாஷிர் "கோ" என்று சொன்னால் அது அவன் தொண்டையிலிருந்து வேறொரு சத்தமாக வரும். அதையும் கோ என்றே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றாள். அவனையும் உஸ்மாவையும் தன் பக்கம் பார்க்கிற கட்டங்களில் உட்காரவைத்தாள்.

ஆகஸ்ட் மாதத்துக்குள் பி பிரிவில் அவனைப்போல விரட்ட ஆளில்லை. உடம்பே கண்ணாக இருந்தான். ஓடுகிறவன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே அவன் போகப்போகிற வழியைப் பிடித்துவிடுவான். இப்போது அவன் சிரித்தால் மற்றவர்களும் கூடச் சிரித்தார்கள்.

ஜெனிஷ்தான் அந்த அணிக்குக் கேப்டன். அப்பா ராசையா டோல்கேட் பக்கம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நல்ல பையன், ஆனால் தோற்கத் தெரியாதவன்.

ஒருநாள் அவன் ஹில்டாவிடம் வந்து, "மிஸ், இந்தக் கை தூக்கறது பேஜாரா கீது மிஸ்," என்றான். "ஒவ்வொரு விசிலுக்கும் தூக்கணும்னா கவனமே போயிடுது."

"எத்தனை வினாடி ஆகும்டா? தூக்குறதுதானே?"

"ஏ செக்ஷன் பசங்க சிரிக்கறாங்க மிஸ். டிராபிக் போலீஸ்னு கூப்பிடறாங்க."

"சிரிக்கட்டும்," என்றாள் ஹில்டா. அதற்குமேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் விளையாட்டு விழா. ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் கோ-கோ இறுதி ஆட்டம். விழா காலையில் என்பதால் சூரியன் கிழக்கே இருக்கும். அதனால் ஹில்டா இந்தமுறை மேற்குப் பக்கம் நிற்கவேண்டும், முபாஷிரும் உஸ்மாவும் மேற்கே பார்க்கிற கட்டங்களில் குந்தவேண்டும். தலைமை ஆசிரியை ஞானபாக்கியம் அதற்கு ஒப்பவில்லை. சிறப்பு விருந்தினர்கள் கட்டட நிழலில் கிழக்கே உட்கார்ந்திருப்பார்கள். நடுவர் அவர்கள் பக்கம் நின்றால்தானே மரியாதை என்றார். ஹில்டா விடவில்லை. இரண்டு நாள் பேசிச் சம்மதம் வாங்கினாள். ஏ பிரிவுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, நீள விசில் வந்தால் நின்று கை தூக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியபோது மைதானத்தைச் சுற்றிப் பெற்றோரும் சின்னப் பிள்ளைகளும் கோட்டை ஒட்டி நின்றிருந்தார்கள். பி பிரிவு விரட்டிக்கொண்டிருந்தது. ஏ பிரிவில் கடைசி ஆளாக ஃபவாஸ் ஓடிக்கொண்டிருந்தான். முபாஷிருக்குக் கோ விழுந்தது. எழுந்தான், வடக்குப் பார்த்துப் பாய்ந்தான்.

அந்த நேரம் பார்த்து எல்.கே.ஜி. குழந்தை ஒன்று அம்மாவின் கையை உதறிவிட்டு, தெற்குக் கம்பத்தின் அருகே மைதானத்துக்குள் ஓடிவந்தது. ஹில்டா கொடியைத் தூக்கி நீளமாக விசில் ஊதினாள். எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். ஃபவாஸும் கை தூக்க மறந்து வடக்குக் கம்பத்தருகே நின்று, தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தான்.

முபாஷிர் ஹில்டாவைக் கடந்து, அவளுக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே மூன்று கட்டங்களில் அவன் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் குந்தியிருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஜெனிஷ். ஹில்டா அந்த மூன்று பேரின் கைகளையும் பார்த்தாள். ஒரு கை கூட மேலே வரவில்லை. ஜெனிஷ் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, எந்த நொடியும் எழத் தயாராக இருந்தான்.

ஃபவாஸின் ஓட்டம் தளர்ந்தது மட்டும்தான் முபாஷிருக்குத் தெரிந்தது. களைத்துவிட்டான் என்று நினைத்திருக்கவேண்டும். முழு வேகத்தில் பாய்ந்து தொட்டான். எதிர்பாராத ஃபவாஸ் கம்பத்தில் போய் மோதினான். எலும்பு முறிகிற சத்தம் விருந்தினர் நாற்காலிவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

முபாஷிர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு திரும்பினான். அவனைப் பொறுத்தவரை ஆட்டத்தை ஜெயித்துவிட்டான். கூட்டம் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது. ஓடிவந்தவர்களில் முதல் ஆள் அவன் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார்.

ஃபவாஸின் தோளருகே காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. அவன் அப்பா ரஷீது வண்ணாரப்பேட்டையில் துணி மொத்த வியாபாரி. சண்டை போடுவார் என்று எல்லோரும் பயந்திருக்க, மறுநாள் அவர் அமைதியாக வந்து தலைமை ஆசிரியையின் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அவனுக்கு இன்னா தெரியும்? விசில் கேக்காத புள்ளய விசில் வெச்சு ஆடற ஆட்டத்துல இட்டாந்து வுட்டது யாரு? அத மட்டும் கேக்கறேன்."

ஞானபாக்கியம் ஹில்டாவைப் பார்த்தார்.

"நான் கொடி வெச்சிருந்தேன் சார். பிள்ளைங்க கை தூக்கணும்னு சொல்லிக் கொடுத்திருந்தேன்..." என்று தொடங்கிய ஹில்டாவுக்கு, அந்த அறையில் அது எவ்வளவு நொண்டிச் சாக்காக ஒலிக்கிறது என்று தெரிந்தது.

"தூக்கினாங்களா?" என்றார் ரஷீது.

பதிலுக்குக் காத்திராமல் எழுந்துகொண்டார்.

அவர் போனபிறகு ஞானபாக்கியம் கதவைச் சாத்தினார். "இனிமே அந்த ரெண்டு பிள்ளைங்களும் விளையாட்டு பீரியட்ல படியில உட்காரட்டும் ஹில்டா. ஸ்கோர் எழுதட்டும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மேடம், தப்பு அவங்க காதுல இல்ல. நாலு மாசமா ஒரு சின்னக் காயம்கூட இல்லாம விளையாடியிருக்காங்க."

"நாலு மாசம் நடக்காதது ஒரு நிமிஷத்துல நடந்துச்சே. அடுத்த தடவை தலையில அடிபட்டா? நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. அதனாலேயே ஹில்டாவால் அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் மதிய உணவு வேளையில், விளையாட்டுச் சாமான் அறையின் வாசலில் ஜெனிஷ் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது.

"மிஸ், நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"மேட்ச்ல யாரும் கை தூக்காதீங்கடான்னு. தூக்கினா எழுந்திரிக்க லேட்டாவும்... அப்புறம் ஏ செக்ஷன்காரன் கலாய்ப்பான்னு. நான் சொல்லித்தான் மிஸ் எல்லாரும் சும்மா இருந்தாங்க. அவன் நேரா என்னப் பார்த்துகினேதான் வந்தான். நான் குழந்தையப் பார்த்துகினு இருந்தேன். அவனுக்குக் கேக்காதுன்றதே அப்ப எனக்கு ஞாபகம் இல்ல மிஸ்."

ஹில்டா பக்கத்திலிருந்த பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"இதை ஹெச்.எம். கிட்டச் சொல்லுவியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு மிஸ்."

"சரி. முபாஷிர்கிட்டயாவது சொல்லு. அவன் தன் மேலதான் தப்புன்னு நினைச்சிக்கிட்டு இருக்கான்."

அது உண்மை. அந்த மூன்று நாளும் முபாஷிர் பள்ளிக்கு வரவில்லை. அவன் அம்மா காத்தூன் பீவி மட்டும் வந்து, "உள்ளாறயே படுத்துகினு கீறான் மிஸ். அடுத்தவன் எலும்ப ஒடச்சிட்டேன்னு சைகைல சொல்லிச் சொல்லிக் காட்டறான்," என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

சபீஹா வருகிற நாளன்று அவள் முபாஷிரையும் கையோடு அழைத்து வந்தாள். காலி வகுப்பறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஜெனிஷ் பேசினான், சபீஹா சைகையில் சொன்னாள். முபாஷிர் சபீஹாவின் கைகளையும் ஜெனிஷின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு அவன் விரல்கள் மெதுவாக அசைந்தன.

சபீஹா ஜெனிஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன கேக்கறான்?" என்றாள் ஹில்டா.

"அதுக்கு முன்னாடி கை தூக்கினீங்களே, அதெல்லாம் எனக்காகவா, இல்ல மிஸ் பார்க்கறாங்கன்றதுக்காகவா? அப்படின்னு கேக்கறான்."

ஜெனிஷ் வாயைத் திறந்தான். பொய் சொல்லியிருக்கலாம். முபாஷிரின் கண் தன் உதட்டின்மேல் இருப்பதைப் பார்த்தான், சொல்ல முடியவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முபாஷிருக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுந்தான், நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்கடியில் தள்ளினான், வெளியே போய்விட்டான்.

ஹில்டா சும்மா இருக்கவில்லை. ஜெனிஷின் பெயரைச் சொல்லாமல், நடந்ததைத் தலைமை ஆசிரியையிடம் எடுத்துச் சொன்னாள். கை தூக்காதது ஒரு வகுப்பின் தவறு, அதற்காக இரண்டு பிள்ளைகளைப் படியில் உட்காரவைக்கக்கூடாது என்று வாதாடினாள். சபீஹாவும் தன் மேலதிகாரியை அழைத்து வந்து பேசவைத்தாள். ஜனவரியில் தடை நீங்கியது. கம்பங்களைச் சுற்றிப் பழைய மெத்தைகளைக் கட்டினார்கள். உஸ்மா மறுபடி மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு ஹில்டாவிடம் நீட்டினாள். பி பிரிவுப் பிள்ளைகள் இப்போது விசில் கேட்ட மறுகணமே கை தூக்கினார்கள்; பயந்துபோய், விறைப்பாக, ஹில்டாவைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். உஸ்மா நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் முன்போல முழு வேகம் எடுப்பதில்லை. நாலடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். அப்படிப் பார்க்கிற பிள்ளையால் யாரைப் பிடிக்க முடியும்? யாரும் அவளிடம் பிடிபடவில்லை.

முபாஷிர் அதற்குள் போய்விட்டிருந்தான். காது கேளாதோர் மட்டும் படிக்கிற விடுதிப் பள்ளி ஒன்றில், ஊரைவிட்டுத் தள்ளி, அவன் மாமா இடம் வாங்கிக்கொடுத்துவிட்டார். அவன் கிளம்புவதற்கு முன்பே ஹில்டா அவன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்திருந்தாள். காத்தூன் பீவி டீ கொடுத்தாள், பையனைக் கூப்பிட்டாள். அவன் வந்து வணக்கம் வைத்தான். "கிரவுண்டுக்கு வா, நான் பார்த்துக்கறேன்," என்று ஹில்டா தனக்குத் தெரிந்த சைகையில் சொன்னாள். அவன் மரியாதையாகப் புன்னகைத்தான். மாட்டேன் என்று கூடச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு மாலை, டோல்கேட் பஸ் நிறுத்தத்தில் காத்தூன் பீவியை ஹில்டா பார்த்தாள். கண்டெய்னர் லாரிகள் வழிவிடாமல் நின்றிருந்தன. பஸ் எதுவும் நகரவில்லை.

"எப்படி இருக்கான் முபாஷிர்?"

"நல்லா கீறான் மிஸ். படிப்பு நல்லா வர்து. வாத்தியாருங்க எல்லாம் கைலயே பேசறாங்க, அவனுக்கு எல்லாமே புரியுது. ஞாயித்துக்கிழமைன்னா வீடியோல வருவான்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா வெளையாடப் போவ மாட்டேங்கறானாம் மிஸ். அங்க எல்லாப் புள்ளைங்களுமே அவன மாதிரிதான? கொடி காட்டித்தான் ஆடறாங்களாம். அப்பவும் போறதில்லையாம். ஜன்னலாண்ட நின்னு பார்த்துகினு இருப்பானாம். ஏன்டான்னு கேட்டா வீடியோவ ஆஃப் பண்ணிடறான்."

ஹில்டா நகராத லாரிகளைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு எலும்பு கூடிடுச்சா மிஸ்? ரஷீது பாய் மவனுக்கு?"

"கூடிடுச்சு. நல்லா ஓடறான்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் காத்தூன் பீவி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி வந்தது. "அது போதும் மிஸ். எலும்பு கூடிடும்டான்னு அவன்கிட்ட எத்தினியோ தபா சொல்லிட்டேன். நீங்களும் ஒரு நாள் வீடியோல வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவான்."

"நான் சொன்னா நம்புவானா?" என்று ஹில்டா கேட்டாள். அவளிடம் கேட்டாளா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாளா தெரியாது.

லாரிகள் நகரத் தொடங்கின. மீஞ்சூர் பஸ் வந்தது. காத்தூன் பீவி கூட்டத்தோடு கூட்டமாக ஏறி, உள்ளே எங்கோ மறைந்துபோனாள். ஹில்டா நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்; தன் பஸ் வந்ததையும் போனதையும் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, பக்கத்தில் நின்றவர் "எங்கம்மா போவணும்?" என்று கேட்டபோதுதான் எழுந்தாள்.